மீன் சந்தை நேர்காணல்: ஏலக்காரரின் குரலும் பேருந்துச் சத்தமும் பேசுபவரின் குரலோடு கலந்துவிட்டன

கடற்கரைக்கமரா (திருகோணமலை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நகரின் மீனவர்களை வீதியோரத்தில் சந்தித்து, அவர்கள் சொல்வதைச் சிறு காணொளிகளாகத் தொகுத்து வருகிறேன். சென்ற வாரம் காலை ஏழு மணியளவில் மீன் சந்தைக்கு வெளியே திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு முதியவருடன் ஆறரை நிமிடம் பேசினேன். அவர் சொன்னவை மிகவும் பெறுமதியானவை; ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டபோது மனம் சோர்ந்துவிட்டது. நாலு மீட்டர் தள்ளி ஒருவர் மீன் ஏலம் கூறிக்கொண்டிருக்கிறார், அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் விலை பேசுகிறார்கள், வீதியில் முச்சக்கரவண்டிகள் ஓயாமல் போகின்றன. போதாக்குறைக்குப் பாண் விற்கும் வண்டி தன் மெட்டுடன் ஒரு முறை வந்து போகிறது. 2 நிமிடம் 14ஆவது செக்கனில் ஒரு பேருந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நீளமாகக் கொம்பு ஊதுகிறது.

ஓடாசிட்டியில் இரைச்சல் குறைக்கும் வசதியை 24 டெசிபெல் வரை கூட்டிப் பார்த்தேன். பெரியவரின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல மாறிவிட்டது. ஏலக்காரர் மட்டும் அப்படியே இருக்கிறார்! இதைச் சரிசெய்ய வழி உண்டா? பெரியவரை மீண்டும் அதே இடத்தில் நிறுத்திப் பேச வைப்பது சரியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

உப்புவெளியான்

தம்பி, இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பழைய கம்பித் தொலைபேசியில் நாம் பேசும்போது 300 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹேர்ட்ஸுக்கு மேலும் எதுவும் போவதில்லை. அப்படியிருந்தும் எதிரில் இருப்பவர் சொல்வது நமக்கு விளங்குகிறது அல்லவா? ஆகவே அந்த இரண்டு எல்லைகளுக்கும் வெளியே இருப்பதை முழுவதுமாக வெட்டிவிடுங்கள். வண்டிகளின் உறுமல் 300க்குக் கீழேதான் இருக்கும், அது போய்விடும். மேலே இருக்கும் இரைச்சலும் போய்விடும். மிஞ்சுவது மனிதக் குரல் மட்டுமே. நான் கலியாண வீட்டுக் காணொளிகளில் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

பறைமேளம்

நல்ல இழை. எனக்கும் இதே தேவை இருக்கிறது. எங்கள் கோயில் திருவிழாவில் பதிவு செய்த பாடலில் இருந்து பாடகரின் குரலை நீக்கி, பின்னணி இசையை மட்டும் எடுத்துப் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும். அதற்கு எந்த மென்பொருள் நல்லது?

வைகைக்கரை (மதுரை)

பறைமேளம், நீங்கள் கேட்பது வேறு வேலை. அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. கடற்கரைக்கமரா, இப்போது இணையத்திலேயே கோப்பை ஏற்றினால் ஒரே சொடுக்கில் குரலைத் துலக்கித் தரும் சேவைகள் இருக்கின்றன. நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு பேச்சை அடையாளம் கண்டு மற்றதை நீக்கிவிடும். எங்கள் வைகைப் பாலத்தில் எடுத்த பேட்டியை அதில் கொடுத்தேன். லாரிச் சத்தம் இருந்த இடமே தெரியவில்லை, ஸ்டூடியோவில் பேசியது போல இருந்தது. அதிர்வெண்களை வெட்டிக்கொண்டிருக்கும் காலம் போய்விட்டது என்பதே என் எண்ணம்.

பழைய ஒலிக்காரன்

மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விடயங்கள் தெரிய வேண்டும். பெரியவரின் சட்டையில் மைக் இருந்ததா, அல்லது கமராவின் மேலிருந்த மைக் மட்டுமா? கமராவில் ஒலி மட்டம் தானாக இயங்கும்படி விடப்பட்டிருந்ததா? நீங்கள் ஓடாசிட்டியில் திறந்தது கமராவின் மூலக் கோப்பையா, அல்லது தொகுப்பு மென்பொருளில் இருந்து வெளியே எடுத்த கோப்பையா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். முடியுமானால் 2:05 முதல் 2:30 வரையிலான பகுதியை, இடது தடத்தையும் வலது தடத்தையும் கலக்காமல், இங்கே இணையுங்கள்.

உப்புவெளியான் சொன்னதில் பாதி சரி. 300க்கும் 3400க்கும் இடையே பேச்சு விளங்கும் என்பது உண்மை. ஆனால் ஏலக்காரரின் பேச்சும் அதே இடைவெளிக்குள்தானே விளங்குகிறது? வண்டிச் சத்தத்தை ஓரளவு வெட்டலாம்; சனத்தின் பேச்சை மீடிறன் எல்லை போட்டுப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அதுவும் தொண்டையில் இருந்து வரும் தமிழ்தான். அதோடு 'ச', 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை 4000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை இருக்கிறது. அதை வெட்டினால் கேட்பவருக்கு விளங்கும், ஆனால் சீக்கிரம் களைப்பு வந்துவிடும்.

கடற்கரைக்கமரா

நன்றி அண்ணா. பெரியவரின் சட்டையில் கம்பியில்லாச் சிறு மைக் பொருத்தினேன். அது இடது தடம். கமராவின் மேலிருந்த நீள மைக் வலது தடம். கமரா அவரிடமிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தது. அவர் தோளில் துவாய் போட்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அது சரிந்து மைக்கின் மேல் விழுந்ததை இப்போதுதான் காணொளியில் கவனித்தேன். ஒலி மட்டம் தானாக இயங்கும்படிதான் விட்டிருந்தேன். சந்தையில் சத்தம் கூடிக் குறையும் என்பதால் அதுவே பாதுகாப்பு என்று நினைத்தேன். ஓடாசிட்டியில் திறந்தது தொகுப்பு மென்பொருளில் இருந்து ஒற்றைத் தடமாக எடுத்த கோப்பு. நீங்கள் கேட்ட பகுதியை இரண்டு தடமாகவும் இணைத்திருக்கிறேன்.

பழைய ஒலிக்காரன்

கேட்டேன். நீங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி சந்தையால் வந்தது அல்ல. இரண்டு மைக்கையும் ஒன்றாகக் கலந்ததால் வந்தது. அதை முதலில் விளக்குகிறேன்.

திறந்த வெளியில் ஒலி தூரத்தோடு குறையும் கணக்கு எளிமையானது: தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறையும், பத்து மடங்கானால் 20 டெசிபெல் குறையும். பெரியவரின் வாய்க்கும் சட்டை மைக்குக்கும் இடையே ஒரு சாண், அதாவது 20 சென்ரிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கமரா மைக்குக்கு இரண்டு மீட்டர். ஆகவே அவருடைய குரல் கமரா மைக்கில் சட்டை மைக்கைவிட 20 டெசிபெல் தாழ்ந்து விழுகிறது. ஆனால் ஏலக்காரரும் பேருந்தும் இரண்டு மைக்குக்கும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் அவர்களுடைய சத்தம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. நீள மைக் பக்கவாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்றாலும், ஏலக்காரர் பெரியவருக்குப் பின்னால் நிற்பதால் அது அவரையும் நேராகவே பார்க்கிறது. தொகுப்பு மென்பொருள் இரண்டையும் ஒற்றைத் தடமாகச் சேர்த்தபோது, நல்ல தடத்தின் மேல் ஒரு வாளி சந்தையை ஊற்றிவிட்டது.

அதைவிட மோசமான இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒரே குரல் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. 1.8 மீட்டர் கூடுதல் தூரத்துக்குச் சுமார் 5 மில்லிசெக்கன் ஆக வேண்டும். ஆனால் கம்பியில்லா மைக் தானும் சில மில்லிசெக்கன் தாமதிக்கும் என்பதால் இந்த வித்தியாசம் சுருங்கும். அதனால் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். 'ப' அல்லது 'ட்ட' போல வெடித்து வரும் ஓர் ஒலியின் தொடக்கத்தை இரு தடங்களிலும் பெரிதாக்கிப் பார்த்து அளவுங்கள். உங்கள் பதிவில் எனக்கு 2 மில்லிசெக்கன் வருகிறது. அப்படிக் கலக்கும்போது 250, 750, 1250 ஹேர்ட்ஸ் என்று ஒழுங்கான இடைவெளியில் குரல் தேய்ந்துவிடும். குழாய்க்குள் நின்று பேசுவது போன்ற அந்தச் சாயலுக்கு இதுவே காரணம். எந்த இரைச்சல் நீக்கியாலும் இதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் இது இரைச்சலே அல்ல.

ஆகவே மூலக் கோப்பில் இருந்து இடது தடத்தை மட்டும் எடுங்கள். 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையும் அப்போதே வெட்டிவிடலாம். முதியவரின் குரலின் அடித்தளம் 120க்கு அருகில் இருப்பதால் அதற்குக் கேடு வராது.

```
ffmpeg -i santhai.mov -af "pan=mono|c0=c0,highpass=f=90" periyavar.wav
```

இரண்டாவது தவறு தானாக இயங்கும் ஒலி மட்டம். பெரியவர் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் கமரா "சத்தம் குறைந்துவிட்டது" என்று எண்ணி மட்டத்தை உயர்த்துகிறது. அவர் மீண்டும் பேசத் தொடங்கியதும் இறக்குகிறது. சந்தை மூச்சு விடுவது போல ஏறி இறங்குவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஓடாசிட்டிக்கு இரைச்சலின் மாதிரியைக் காட்ட நீங்கள் நீளமான ஓர் இடைவெளியைத் தெரிந்தெடுத்திருப்பீர்கள் அல்லவா? அந்த இடைவெளியில் சந்தை, அவர் பேசும்போது இருப்பதைவிட உரத்து இருக்கிறது. மென்பொருள் அந்த அளவை நம்பிக் கழிக்கும்போது குரலையும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. தண்ணீருக்குள் இருந்து வருவது போன்ற சத்தம் அங்கிருந்து வருகிறது. மாதிரியை இரண்டு வார்த்தைகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில், மட்டம் ஏறுவதற்கு முன் எடுங்கள். குறைப்பை 24இல் இருந்து 8க்குக் கொண்டு வாருங்கள். மாதிரிக்கு அரை செக்கன் கிடைத்தாலும் போதும்.

போதுமா கூடவா என்று எப்படி அறிவது? அதே பெட்டியில் Residue என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் நீக்கப்பட்டது மட்டும் கேட்கும். அதில் முச்சக்கரவண்டியும் ஐஸ் அரைக்கும் இயந்திரமும் கேட்டால் நல்லது. அதில் பெரியவர் என்ன சொல்கிறார் என்று உங்களால் பின்தொடர முடிந்தால், நீங்கள் எறிந்தது அவருடைய குரலை.

உப்புவெளியான்

தடங்களைக் கலந்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இணைத்த பகுதியில் இடது தடத்தை மட்டும் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் அந்த ஏலக்காரர் அங்கேயும் இருக்கிறாரே? நீங்கள் சொன்ன கணக்குப்படி பெரியவர் ஒரு சாணில் இருக்கும்போது ஏலக்காரர் நாலு மீட்டரில், அதாவது இருபது மடங்கு தூரத்தில் இருக்கிறார். அவர் 26 டெசிபெல் கீழே போயிருக்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

பழைய ஒலிக்காரன்

கணக்குச் சரி, அண்ணா. ஆனால் அது இருவரும் ஒரே உரப்பில் பேசினால் மட்டுமே பொருந்தும். ஏலக்காரர் கத்துகிறார், பெரியவரோ வெட்கத்தோடு மெல்லப் பேசுகிறார். துவாயும் மைக்கை மூடிக் கூர்மையான ஒலிகளை விழுங்கியிருக்கிறது. ஆகவே 26 இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சியிருப்பது பத்தளவில்தான். இருந்தாலும் அந்தப் பத்து நமக்குப் பெரிய சொத்து.

வைகைக்கரை சொன்ன வகைக் கருவிகளை நான் வெறுப்பவன் அல்லன். 2018 அளவில் வந்த ஆர்என்நாய்ஸ் என்னும் சிறிய இலவச நரம்பு வலைப்பின்னல் மாதிரியையே நான் பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன். வண்டி, காற்றாடி, இயந்திரம் போன்றவற்றை அது அழகாகக் குறைக்கும். ஆனால் அவை பழக்கப்பட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் பேச்சு அல்லாத சத்தம் என்று காட்டி, பேச்சை வைத்துக்கொள், மற்றதை எறி என்று கற்பித்திருக்கிறார்கள். வைகைப் பாலத்தில் லாரி பேச்சல்ல, ஆகவே போய்விட்டது. இங்கே ஏலக்காரரும் பேச்சு. அவர் உரத்துக் கத்தும் தருணங்களில் கருவி அவரையே பேசுபவராக எடுத்துக்கொள்ளும்; பெரியவர் நிறுத்தும் இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வெறும் வெறுமைக்குள் இருந்து "ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து முந்நூற்றைம்பது" என்று தனியாக ஒரு குரல் துள்ளி வெளியே வரும். சந்தை இரைச்சலுக்குள் கிடந்தபோது அவரை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பின்னணியைத் துடைத்த பின் அவர்தான் கதாநாயகன்.

ஆகவே நான் ஏலக்காரரை நீக்க முயல்வதில்லை, அவரைத் தாழ்த்துகிறேன். பெரியவர் பேசும்போது அவருடைய சொற்களுக்கு அடியில் ஏலக்காரர் கிடக்கட்டும், அந்தப் பத்து டெசிபெல் வித்தியாசத்தில் காது தானே பெரியவரைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர் நிறுத்தும் இடங்களில் மட்டும் ஒலி மட்டத்தைக் கையால் 10 அல்லது 12 டெசிபெல் இறக்கிவிடுங்கள். தானாக இயங்கும் மட்டம் உயர்த்தி வைத்ததையும் இது சமப்படுத்தும். முழு அமைதிக்கு ஒருபோதும் இறக்காதீர்கள். இறக்கத்துக்கு 100 மில்லிசெக்கனும் ஏற்றத்துக்கு 50 மில்லிசெக்கனும் கொடுங்கள்; ஏற்றம் அடுத்த சொல்லுக்குச் சற்று முன்னரே முடிந்துவிட வேண்டும். ஆறரை நிமிடத்துக்கு இது ஒரு மணி நேர வேலை. அலுப்பானதுதான், மறுக்கவில்லை.

சத்தம் தாழ்ந்ததும் தடத்தைத் தானே மூடிவிடும் 'நொய்ஸ் கேட்' என்னும் தானியங்கி வாயிலை வைத்து இதைச் செய்யலாமே என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'பத்து', 'பட்டு', 'பக்கம்' என்று இரட்டிக்கும் இடங்களில் மெய்யின் நடுவே உண்மையாகவே ஒரு கணம் வாய் மூடியிருக்கும். வேகமாக மூடும் வாயில் அந்த நிறுத்தத்தைச் சொல்லின் முடிவு என்று எண்ணி மூடிவிடும். திறப்பதற்குள் வெடிப்பின் முன்பகுதி போய்விடும். 'த்த'வையும் 'ட்ட'வையும் காது பிரித்தறிய அந்த வெடிப்பு மிகவும் தேவை.

நிலாக்கரை (மூதூர்)

அண்ணா, என்னுடைய நிலைமை இன்னும் மோசம். மாணவர்களைக் கொண்டு முதியோரின் வாய்மொழி நினைவுகளைச் சேகரிக்கிறோம். ஒரு பிள்ளை இறங்குதுறை அருகே ஒரு அம்மாவைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற அவருடைய தங்கையும் ஒரே நேரத்தில் பேசுகிறார். இருவர் குரலும் ஒன்று போலவே இருக்கிறது. மைக் ஒன்றுதான், தடமும் ஒன்றுதான். நீங்கள் சொன்ன இடது வலது தந்திரம் எதுவும் எங்களுக்கு உதவாது. இதைப் பிரிக்க முடியுமா? கோப்பு எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது.

பழைய ஒலிக்காரன்

தங்கச்சி, முதலில் அந்தப் பிள்ளையின் தொலைபேசியில் இருக்கும் மூலக் கோப்பை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்திருந்தால் அது இறுக்கிச் சுருக்கப்பட்ட பிரதி. இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் சுருக்கும் முறை மெல்லிய குரலைத்தான் முதலில் கைவிடும்.

மூலம் கிடைத்தாலும் உறுதியான பதில் சொல்ல என்னால் இயலாது. இரு குரலைப் பிரிக்கப் பழக்கிய மாதிரிகள் இருக்கின்றன. ஒருவர் தனியாகப் பேசும் சில செக்கன்களைக் காட்டினால் அவர் குரலை மட்டும் எடுத்துத் தர முயல்பவையும் இருக்கின்றன. அமைதியான அறையில் பதிவு செய்த இரண்டு குரலைக் கணினியிலேயே கலந்து கொடுத்தால் அவை வியக்கும்படி வேலை செய்யும். காற்றடிக்கும் இறங்குதுறையில், ஒரே குடும்பத்துக் குரல் இரண்டை, ஒரு தொலைபேசி மைக்கில் பிடித்த பின் கொடுத்தபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் சொல்லுக்குச் சொல் ஆள் மாறும் ஒரு குரல்தான். உங்கள் தேவை எழுத்து வடிவம் என்றால் நல்ல தலையணிக் கருவியோடு வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்டு எழுதுங்கள்; விளங்காத இடத்தை விளங்கவில்லை என்றே குறியுங்கள்.

வைகைக்கரை

ஏலக்காரரைப் பற்றிச் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். இணைத்திருந்த 25 செக்கனில் இடது தடத்தை நான் சொன்ன சேவையில் ஏற்றினேன். நீங்கள் சொன்னபடியே இடைவெளிகளில் ஏலக்காரர் வெளியே வருகிறார், அதுவும் ஸ்டூடியோத் தரத்தில்! ஆனால் பேருந்துக் கொம்பு முற்றிலும் போய்விட்டது. அந்த இடத்தில் பெரியவர் "எல்லாம் விலை போய்விட்டது" என்று சொல்வது மணி போலக் கேட்கிறது. இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமே?

கடற்கரைக்கமரா

நேற்றிரவு உட்கார்ந்து அண்ணா சொன்னபடி செய்தேன். இடது தடத்தை மட்டும் எடுத்து, 8 டெசிபெல்லோடு நிறுத்தி, இடைவெளிகளைக் கையால் இறக்கினேன். ஒரு மணி நேரம் அல்ல, இரண்டே கால் மணி நேரம் ஆனது. முதல் இரண்டு நிமிடத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எந்த இடமும் மீண்டும் கேட்க வேண்டியிருக்கவில்லை. துவாய் மூடிய பகுதியில் 3000 ஹேர்ட்ஸுக்கு மேலே 4 டெசிபெல் கூட்டினேன், 'ச' ஓரளவு திரும்பி வந்தது. ஐஸ் இயந்திரம் கொஞ்சம் கேட்கிறது, பரவாயில்லை. Residue வைத்துக் கேட்டபோது 8இல் வெறும் இரைச்சல்தான். ஆர்வத்தில் 15 வைத்துப் பார்த்தேன், பெரியவர் பேயைப் போல அதற்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் வைகைக்கரை எழுதியதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அந்த இடத்தில் பெரியவர் "எல்லாம் வலை போய்விட்டது" என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. மீன் விலை போனதா, வலை போனதா என்பதில் முழுக் கதையும் மாறிவிடும். இப்போது மூலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 'விலை' என்று நினைத்துக் கேட்டால் 'விலை' என்று கேட்கிறது, 'வலை' என்று நினைத்துக் கேட்டால் 'வலை' என்று கேட்கிறது.

பழைய ஒலிக்காரன்

நான் பயந்தது இதற்குத்தான். அந்தச் சேவை வடிகட்டுவது மட்டுமல்ல. சேதமான இடத்தில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாக எழுதவும் செய்யும் வகை அது என்று அதன் வெளியீட்டைக் கேட்டால் தோன்றுகிறது. கொம்பு மூடிய கால் செக்கனுக்குள் அதற்கு எது கிடைத்தது, எதை அது தானே இட்டது என்று வெளியீட்டைக் கேட்டுப் பிரித்தறிய வழியில்லை. மணி போலக் கேட்பதுதான் ஆபத்து. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடத்தில் சந்தேகம் வராது.

கொம்பை நிறமாலைப் படத்தில் பார்த்தேன். அடிக்கோடு 370 ஹேர்ட்ஸில் இருக்கிறது. அதன் மேல் 740, 1110, 1480 என்று ஏணிப்படி போலக் கோடுகள் ஏறுகின்றன. 'அ'வையும் 'இ'யையும் காது பிரிப்பது இரண்டு அடர்த்தியான பட்டைகளைக் கொண்டு. 'அ'வுக்கு அவை சுமார் 700இலும் 1300இலும் இருக்கும். 'இ'க்கு ஒன்று 350 அளவுக்கு இறங்கும், மற்றது 2000க்கு மேலே ஏறும். இப்போது பாருங்கள்: கொம்பின் 370, 'இ'யின் கீழ்ப்பட்டையின் மேல் அமர்ந்திருக்கிறது, 740, 'அ'வின் கீழ்ப்பட்டையின் மேல். பேருந்து இரண்டு எழுத்தையும் ஒரே நேரத்தில் ஊதுகிறது என்று சொல்லலாம்.

மிஞ்சியிருக்கும் நம்பிக்கை 2000க்கு மேலே உள்ள பகுதி. அங்கே கொம்பின் கோடுகள் மெலிந்துவிடுகின்றன. கோடுகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் 40 ஹேர்ட்ஸ் அகலத்தில், 15 டெசிபெல் தாழ்த்திக் கேட்டுப் பாருங்கள். ஓடாசிட்டியில் நிறமாலைக் காட்சிக்கு மாறி, பகுதியைத் தெரிந்தெடுத்து Spectral edit parametric EQ கொடுத்தால் முடியும். பெரியவரின் குரலின் சொந்தக் கோடுகள் 120 ஹேர்ட்ஸுக்கு ஒன்றாக இருப்பதால் இடையிடையே பல தப்பித்துக்கொள்ளும். நான் அப்படிச் செய்து பார்த்ததில் 2100 அளவில் ஒரு மெல்லிய பட்டை இருப்பது போலவும் இருக்கிறது, அது துவாய்க்குப் பின்னால் கேட்கும் ஏலக்காரருடையதாக இருக்கலாம் போலவும் இருக்கிறது. 'விலை' என்று சத்தியம் செய்யமாட்டேன், 'வலை' என்றும் செய்யமாட்டேன்.

ஆர்என்நாய்ஸ் போன்ற வடிகட்டும் வகையைப் பயன்படுத்துவதென்றால், அது எதை எறிந்தது என்பதையாவது கேட்டுப் பார்க்கலாம். அதன் std.rnnn என்னும் மாதிரிக் கோப்பு கையில் இருந்தால் mix என்பதை -1 ஆக வைத்தால் போதும்.

```
ffmpeg -i periyavar.wav -af "arnndn=m=std.rnnn:mix=-1" erinthathu.wav
```

வைகைக்கரை

இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா? மற்ற எல்லா இடத்திலும் அந்தச் சேவை சரியாகவே சொல்லியிருக்கிறது. ஒரு சொல் தவறலாம் என்பதற்காகப் பார்வையாளருக்குத் தெளிவான ஒலியை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூல ஒலியில் கால் பங்கை அடியில் கலந்து விட்டால் செயற்கைத்தனமும் குறையும், சந்தையும் கேட்கும்.

பழைய ஒலிக்காரன்

கால் பங்கு மூலத்தைக் கலப்பது நல்ல பழக்கம், அதை நானும் செய்வேன். ஆனால் கலப்பதற்கு முன் இரண்டு தடமும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் முன்பு சொன்ன குழாய்ச் சத்தம் திரும்பி வரும். மற்றதில் நாம் உடன்படப் போவதில்லை என்று நினைக்கிறேன். விளம்பரத்துக்கு என்றால் நீங்கள் சொல்வதை ஏற்பேன். இவர் எடுப்பது ஒருவருடைய வாக்குமூலத்தைப் போன்றது.

உப்புவெளியான்

ஒரு கேள்வி. காணொளி இருக்கிறதே, உதட்டைப் பார்க்க முடியாதா? 'வ' சொல்லும்போது பல் உதட்டில் படும். அதற்குப் பிறகு வாய் திறக்கிறதா, பக்கவாட்டில் விரிகிறதா என்று பார்த்தால் 'அ'வா 'இ'யா என்று தெரிந்துவிடும்.

கடற்கரைக்கமரா

அண்ணா, அருமையான யோசனை, பார்த்தேன். சரியாக அந்தக் கணத்தில் அவர் பேருந்தைத் திரும்பிப் பார்க்கிறார், கன்னம் மட்டும்தான் தெரிகிறது.

இன்று காலை திருக்கடலூருக்கே போனேன். பெரியவர் கடலுக்குப் போயிருந்தார். மகளிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன், கொம்பு உள்ள மூலத்தைத்தான். அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு "வலை" என்றார். பிறகு அவருடைய கணவர் கேட்டுவிட்டு, அந்த வருடம் வலையையும் விற்றார்கள் என்றும், அப்பா இரண்டையும் சொல்வார் என்றும் சொன்னார். பெரியவர் திரும்பியதும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்த வரியின் எழுத்துத் துணையை வெறுமையாக விட்டு, கொம்பை 15 டெசிபெல் தாழ்த்தி, மூல ஒலியையே வைத்திருக்கிறேன்.

அடுத்த நேர்காணலுக்கு மைக்கைத் துவாய் இல்லாத பக்கம் குத்தி, ஒலி மட்டத்தைக் கையால் பூட்டி வைக்கப் போகிறேன். பாண் வண்டியின் மெட்டை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. 4:40இல் அது பெரியவர் சிரிக்கும் இடத்தில் வருகிறது, அதை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

நிலாக்கரை

விட்டுவிடுங்கள் தம்பி. மூலக் கோப்பு எனக்கும் கிடைத்துவிட்டது. அம்மாவின் குரல் வாட்ஸ்அப் பிரதியைவிடத் தெளிவாக இருக்கிறது. அவர் நிறுத்தும் இடங்களில் தங்கை சொல்வதும் இப்போது விளங்குகிறது, அதையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.